‘மெல்லிய சவ்வுதான், பயமில்லை’ என்று அறிக்கை சொன்னால் நம்பலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 28 வயது. 14 வயதிலேயே காது மந்தமாகிக் கருவி வைத்துக்கொண்டான். இப்போது டயாலிசிஸில் இருக்கிறான், ஆல்போர்ட் நோய் என்கிறார்கள். எங்கள் தாய்மாமாவும் காது கேளாமல் இருந்து, 31 வயதில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். எனக்கு 36 வயது. சிறுநீரில் ரத்த அணுக்கள் இருப்பதால் எட்டு வருடம் முன்பு பயாப்சி செய்தார்கள். ‘மெல்லிய அடித்தளச் சவ்வு நோய், பயப்பட ஒன்றுமில்லை’ என்றார்கள். அம்மாவுக்கும் (61) சிறுநீரில் ரத்தம் உண்டு, கிரியேட்டினின் 1.4. அப்பா (64) நன்றாக இருக்கிறார். போன மாதம் காய்ச்சல் வந்தபோது என் 6 வயது மகனின் சிறுநீரில் ரத்தம் 2+ என்று வந்தது. 10 வயது மகளுக்கு ஒருமுறை பார்த்ததில் ஒன்றும் இல்லை. பையனுக்குப் பிறந்தபோதே காதுப் பரிசோதனை செய்து நன்றாக இருக்கிறது என்றார்கள். தம்பிக்கு என் சிறுநீரகத்தைக் கொடுக்க விரும்புகிறேன். கொடுக்கலாமா? மகனுக்கும் என்னைப் போல வெறும் மெல்லிய சவ்வுதானா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். மகனுக்கு இருப்பது ‘வெறும் மெல்லிய சவ்வு’ என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். உங்கள் பயாப்சி அறிக்கையை விட உங்கள் குடும்ப வரலாறு உரக்கப் பேசுகிறது.

அந்தப் பயாப்சி அறிக்கை பொய் சொல்லவில்லை. சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் நடுவே அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய விரிப்பு இருக்கிறது. வயது வந்தவர்களுக்கு அதன் தடிமன் ஏறத்தாழ 300 முதல் 400 நானோமீட்டர். 250-க்குக் கீழே போனால் ‘மெல்லியது’ என்று எழுதுவது வழக்கம். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் அளந்தவர் கண்ட அளவை எழுதியிருக்கிறார். அது தடிமனைப் பற்றிய விவரம் மட்டுமே. ஏன் மெலிந்தது, இனி என்னவாகும் என்பதற்கு அதில் விடை கிடையாது.

இந்த விரிப்பு நான்காம் வகை கொல்லாஜனால் ஆனது. ஆல்ஃபா-3, ஆல்ஃபா-4, ஆல்ஃபா-5 என்ற மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு இழை சரியில்லை என்றாலும் கயிறு முறுகாது. அப்போது குழந்தைப் பருவத்துக் கரட்டு இழைகளே (ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2) அந்த இடத்தில் தொடர்கின்றன. அவை வடிகட்டியின் அழுத்தத்தை வருடக்கணக்கில் தாங்கும் பலம் இல்லாதவை. முதலில் சவ்வு மெலிந்திருக்கும், சிவப்பணுக்கள் கசியும். பின்னாளில் சவ்வு கண்டபடி தடித்து, பல அடுக்குகளாகப் பிளந்து, கூடை முடைந்ததைப் போல் ஆகும். அதாவது சிறு பிள்ளைகளிடமும் பெண்களிடமும் ஆல்போர்ட் நோயின் ஆரம்ப முகமே இந்த ‘மெல்லிய சவ்வு’ ஆக இருக்கலாம். இதே கொல்லாஜன் உள்காதிலும் கண்ணின் லென்ஸ் உறையிலும் இருக்கிறது. சிறுநீரில் ரத்தமும் காது மந்தமும் ஒரே வீட்டில் சேர்ந்து வருவது இதனால்தான். 1927-ல் சிசில் ஆல்போர்ட் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதியபோதும் இந்தச் சேர்க்கைதான் அவர் கண்ணில் பட்டது. ஆண்கள் அந்த நோயால் இறந்துபோக, பெண்கள் வயதாகும்வரை வாழ்ந்ததையும் அவர் குறித்திருந்தார்.

இனி உங்கள் குடும்பத்தைப் பாருங்கள். ஒரு தாளில் வரைந்தால் இன்னும் தெளிவாகும். தாய்மாமாவுக்கும் தம்பிக்கும் கடுமையாக வந்திருக்கிறது. அம்மாவுக்கும் உங்களுக்கும் லேசாக வந்திருக்கிறது. நோய் ஆணிடமிருந்து ஆணுக்குப் போனதாக எங்கும் இல்லை, பெண்கள் வழியாகவே இறங்கி வந்திருக்கிறது. ஆல்ஃபா-5 இழைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அதில் பழுது என்றால் மாற்று இல்லை. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆனால் ஒவ்வொரு செல்லிலும் அவற்றில் ஒன்று ஓய்ந்துவிடும். எந்த செல்லில் எது ஓயும் என்பது தற்செயல். அதனால் ஒரு பெண்ணின் சவ்வு அங்கங்கே நல்லதும் அங்கங்கே பழுதுமாக ஒட்டுப் போட்ட துணி மாதிரி இருக்கும். பழுதுப் பகுதி எவ்வளவு என்பதைப் பொறுத்து ஒருவருக்கு ரத்தக் கசிவோடு நின்றுவிடும், இன்னொருவருக்குச் சிறுநீரகமே செயலிழக்கும். அம்மாவின் 1.4 என்ற அளவை ‘கொஞ்சம்தான் கூடுதல்’ என்று தள்ளிவிடாதீர்கள். 61 வயதுப் பெண்ணுக்கு அந்த எண் வடிகட்டும் திறன் கணிசமாகக் குறைந்திருப்பதையே காட்டுகிறது.

இன்னொரு சாத்தியமும் உண்டு. ஆல்ஃபா-3, ஆல்ஃபா-4 இழைகளின் மரபணுக்கள் இரண்டாம் குரோமோசோமில் இருக்கின்றன. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுது வந்து சேர்ந்தால் பிள்ளைக்கு ஆணோ பெண்ணோ கடுமையாக வரும். நெருங்கிய உறவில் திருமணம் நடந்த குடும்பங்களில் இது சற்று அதிகம். உங்கள் வீட்டில் தாய்மாமாவுக்கும் அப்படியே வந்திருக்க வேண்டுமென்றால், தாத்தா-பாட்டி இருவரும் பழுது மரபணு வைத்திருக்க வேண்டும், அப்புறம் அப்பாவும் வைத்திருக்க வேண்டும். இவ்வளவு தற்செயல்கள் ஒன்றுசேர்வது அரிது. ஆனாலும் அப்பாவின் சிறுநீரை ஒருமுறை பார்க்காமல் இதை ஒதுக்கிவிட முடியாது. அப்பாவைப் பற்றிப் பின்னால் மீண்டும் வருகிறேன்.

முதல் வேலை மரபணுப் பரிசோதனை. அதை உங்களிடமோ மகனிடமோ ஆரம்பிக்காதீர்கள், தம்பியிடமிருந்து ஆரம்பியுங்கள். நோய் முழுமையாக வெளிப்பட்டவரிடம் பழுது அகப்படும் வாய்ப்பு அதிகம். மூன்று மரபணுக்களையும் சேர்த்துப் படிக்கும் பரிசோதனையைக் கேளுங்கள். அறிக்கையில் COL4A3, COL4A4, COL4A5 என்ற பெயர்கள் இருக்கும். எக்ஸில் உள்ளது கடைசியாகச் சொன்னது. அதில் ஒன்றும் தெரியவில்லை என்று வந்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். மரபணுவின் ஒரு பெரிய துண்டே காணாமல் போயிருந்தால் வழக்கமான வாசிப்பில் சில சமயம் தவறிவிடும், அதற்குத் தனிப் பரிசோதனை தேவை. தம்பியிடம் இன்ன பழுது என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களிடம் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறையும், விடையும் ஆம் அல்லது இல்லை என்று தெளிவாக வரும். உங்களிடமிருந்து ஆரம்பித்து ‘பொருள் விளங்காத மாற்றம்’ என்று ஒரு வரி வந்தால், அதை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் குழம்புவீர்கள்.

பழுதின் தன்மையும் முக்கியம். எக்ஸ் வழி நோயில் பெரிய துண்டு இழப்போ, வாசிப்பையே பாதியில் நிறுத்திவிடும் மாற்றமோ இருந்தால் ஆண்களுக்கு 25 வயதை ஒட்டிச் சிறுநீரகம் செயலிழக்கும். ஒரே ஒரு அமினோ அமிலம் மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் பத்து வருடமாவது தள்ளிப் போகும். தாய்மாமாவும் தம்பியும் முப்பதை ஒட்டி இந்த நிலைக்கு வந்ததைப் பார்த்தால், உங்கள் குடும்பத்தில் இருப்பதை மென்மையான வகையாக நான் கருத மாட்டேன்.

இனி மகன். காய்ச்சலின்போது எடுத்த சிறுநீரை வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனால் அதைப் புறக்கணிக்கவும் கூடாது. அவன் நன்றாகத் தேறி இரண்டு மூன்று வாரம் கழித்து, காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை எடுங்கள். முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிட வேண்டும். நேரம் கடந்தாலோ சிறுநீர் மிக நீர்த்திருந்தாலோ சிவப்பணுக்கள் உடைந்துவிடும். அப்போது காகிதப் பட்டை ‘ரத்தம் 2+’ என்று காட்டும், மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவர் ‘சிவப்பணுக்கள் இல்லை’ என்று எழுதுவார், இரண்டும் ஒத்துப்போகாமல் நீங்கள் அலைய வேண்டியிருக்கும். அணுக்களின் உருவத்தையும் எழுதச் சொல்லுங்கள். வடிகட்டியின் வழியே நசுங்கி வந்தவை உருக்குலைந்தும் கொம்பு முளைத்தது போலவும் இருக்கும். சிறுநீர்ப் பாதையில் வேறெங்காவது கசிந்தவை உருண்டையாக ஒரே மாதிரி இருக்கும். ஆல்போர்ட் உள்ள பையன்களுக்குச் சாதாரண நாட்களிலும் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்துகொண்டே இருக்கும். சளி, காய்ச்சல் வந்த ஓரிரு நாளில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துக்கு மாறும், பிறகு தெளியும். அந்த நிறம் பயமுறுத்தும், ஆனால் நோயின் வேகத்தை அளக்க அது உதவாது.

அதை அளப்பது ஆல்புமின் என்ற புரதம். அதே காலைச் சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மி.கி.க்குக் கீழே இருந்தால் கசிவு இல்லை. 30 முதல் 300 வரை என்பது ஆரம்பம். 300-ஐத் தாண்டினால் வடிகட்டியில் தழும்பு விழத் தொடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். காலையில் எடுப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பகலில் ஓடியாடிய பிள்ளைகளுக்கு நோய் இல்லாமலேயே கொஞ்சம் புரதம் வரும்.

பரிசோதனையில் பழுது இருப்பது உறுதியானால் ஆல்புமின் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எக்ஸ் வழி ஆல்போர்ட் உள்ள பையன்களுக்கு, ஒன்று அல்லது இரண்டு வயதைத் தாண்டியதிலிருந்தே ராமிப்ரில் போன்ற மருந்தை ஆரம்பிக்கலாம் என்பது 2020-ல் வெளியான வழிகாட்டுதல். வடிகட்டிக்குள் ரத்த அழுத்தத்தைக் குறைத்துத் தழும்பைத் தள்ளிப்போடுவதுதான் இந்த மருந்தின் வேலை. பழுதான இழையைச் சரிசெய்யாது, ரத்தக் கசிவை நிறுத்தாது. ‘மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் நிற்கவில்லையே’ என்று பாதியில் நிறுத்திவிடுகிற பெற்றோர் உண்டு. நிற்காது, அது நிற்பதற்கான மாத்திரையும் இல்லை. குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு நாளைக்கு 1 மி.கி.யில் தொடங்கிப் படிப்படியாக 6 மி.கி. வரை ஏற்றினார்கள். 20 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடற்பரப்பு ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர், ஆகவே தொடக்கம் 1 மி.கி.க்கும் கொஞ்சம் குறைவு. கணக்கையும் ஏற்றுவதையும் குழந்தைகள் சிறுநீரக மருத்துவரே செய்ய வேண்டும். ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்திலும், ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்ப்பார்கள்.

வீட்டில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து பிள்ளை சரியாக நீர் குடிக்காத நாளில் இந்த மருந்தைக் கொடுக்காதீர்கள். உடலில் நீர் குறைந்த நேரத்தில் இது வடிகட்டிக்குள் அழுத்தத்தை இன்னும் தாழ்த்திச் சிறுநீரகத்தைத் திடீரென்று முடக்கக்கூடும். நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்ததும் மருத்துவரிடம் கேட்டு மீண்டும் தொடங்கலாம். விடாத வறட்டு இருமல் வந்தால் சளி மருந்து தேடாமல் அதையும் சொல்லுங்கள், இது அந்த மருந்தாலேயே வருவது. இன்னொரு வகை மருந்துக்கு மாற்றுவார்கள்.

பிறந்தபோது செய்த காதுப் பரிசோதனை இந்தக் கேள்விக்குப் பயன்படாது. ஆல்போர்ட் உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகவே கேட்கும். குறை பள்ளி வயதின் பிற்பகுதியில், இரண்டு காதிலும், மெல்ல மெல்ல வரும். அதுவும் எல்லாச் சத்தத்துக்கும் ஒரே மாதிரி குறையாது. ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு சத்தம் வைத்தால் காது கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராமில் அது எப்படித் தெரியும் என்று பாருங்கள். 250, 500, 1000 ஹெர்ட்ஸில் 10, 10, 15 டெசிபல், எல்லாம் இயல்பு. 2000-ல் 30, 4000-ல் 45, 8000-ல் 45. இந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்புவான், ஏனென்றால் உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் இருப்பவை. ச, ஷ, ஸ, ஃப போன்ற ஒலிகள் உயர்ந்த சுருதியில் இருப்பதால் நழுவிவிடும். வகுப்பில் இரைச்சல் இருக்கும்போது வார்த்தையைத் தப்பாக எழுதுவான், ‘என்ன, என்ன’ என்று கேட்பான். வீட்டில் ‘கவனமில்லை’ என்று திட்டு விழும். ஐந்தாறு வயதிலிருந்து வருடம் ஒருமுறை முழு ஆடியோகிராம் எடுக்க வேண்டும். காதோரம் கிசுகிசுத்துப் பார்ப்பது போதாது. நோய் உள்ள ஆண்களில் பெரும்பாலானவர்களுக்கு 40 வயதுக்குள் கேட்கும் கருவி தேவைப்படும். இவர்களுக்குக் கருவி நன்றாகவே உதவும், தயங்க வேண்டாம். ஜென்டாமைசின், அமிக்காசின் வகை ஊசிகள் உள்காதையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பாதிப்பவை. எந்த மருத்துவரிடம் போனாலும் குடும்ப வரலாற்றை முதலில் சொல்லுங்கள், மாற்று இருந்தால் அவர் மாற்றுவார். வலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுப்பதும் கூடாது. கண் பரிசோதனை இப்போதைக்கு ஒருமுறை போதும், பிறகு கண் மருத்துவர் சொல்கிற இடைவெளியில் பார்த்துக்கொள்ளலாம்.

மகளுக்கு ஒருமுறை சுத்தமாக வந்ததால் அவளை விட்டுவிட முடியாது. பழுதுள்ள பெண்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரில் ரத்தம் இருக்கும், ஆனால் அது விட்டு விட்டு வரலாம். உங்களிடமிருந்து அவளுக்கு வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. தம்பியின் விடை கிடைத்ததும் அவளையும் பார்த்துவிடலாம். பழுது இல்லையென்றால் அவளுக்கு இனி வருடாவருடம் சிறுநீர்ப் பரிசோதனை தேவையில்லை. இருந்தால், பையனைப் போல உடனே மருந்து அல்ல. ஆல்புமின் 30-ஐத் தாண்டும் வரை வருடம் ஒருமுறை கவனிப்போம்.

உங்கள் தானத்துக்கு வருவோம். எக்ஸ் வழிப் பழுதுள்ள பெண்களில் 40 வயதுக்குள் சிறுநீரகம் செயலிழப்பவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில், 60 வயதுக்குள் முப்பது பேர் அளவில் என்று பெரிய ஐரோப்பியத் தொகுப்பு ஒன்று காட்டியது. உங்கள் அம்மா ஏற்கனவே அந்தப் பாதையில் இருக்கிறார். இரண்டு சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் மீதமுள்ள ஒட்டுப் போட்ட வடிகட்டி முழுச் சுமையையும் சுமக்க வேண்டியிருக்கும். ஆல்புமினும் ரத்த அழுத்தமும் காதும் இயல்பாக இருக்கும் மூத்த பெண்கள், வேறு யாருமே கிடைக்காத நிலையில் கொடுத்திருக்கிறார்கள். 36 வயதில், வரலாறு இப்படி இருக்கும்போது, அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்பேன். உங்கள் ஆல்புமினையும் ரத்த அழுத்தத்தையும் ஆடியோகிராமையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். ஆல்புமின் 30-க்கு மேல் இருந்தால் நீங்களும் அந்த மருந்தைத் தொடங்க வேண்டியிருக்கும். இன்னொரு குழந்தைக்குத் திட்டம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது.

இப்போது அப்பா. எக்ஸ் வழி என்று உறுதியானால் அவரிடம் அந்தப் பழுது இருக்க வழியே இல்லை. மகனுக்கு அப்பா தருவது ஒய் குரோமோசோம்தான், எக்ஸ் அம்மாவிடமிருந்து வந்தது. அவருடைய சிறுநீரில் ரத்தமோ ஆல்புமினோ இல்லை, சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் எல்லாம் ஒத்துழைக்கின்றன என்றால் உங்கள் குடும்பத்தில் முதலில் பார்க்க வேண்டிய தானதாரர் அவர்தான். 64 வயது தடையல்ல, ஆனால் முழுப் பரிசோதனை வேண்டும். வீட்டில் யாரும் இவரை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதே வேளையில் இறந்தவர்களிடமிருந்து பெறும் காத்திருப்புப் பட்டியலிலும் தம்பி பெயரைப் பதிந்து வையுங்கள்.

மாற்றுச் சிறுநீரகத்தில் ஆல்போர்ட் திரும்ப வராது, ஏனென்றால் அந்த விரிப்பு வேறொருவருடையது. அதுவே ஒரு சிக்கலும் ஆகலாம். தம்பியின் உடல் இதுவரை பார்த்தறியாத ஆல்ஃபா-5 இழையை முதன்முறை சந்திக்கும்போது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு அதற்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாகிறது. பெரும்பாலும் முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும். மரபணுவில் பெரிய துண்டு இழந்தவர்களுக்கு அந்த ஆபத்து சற்று அதிகம். மாற்று அறுவைக்கு முன்பே தம்பியின் பழுது எந்த வகை என்பது மருத்துவர் கையில் இருப்பது அதற்கும் உதவும். காதைப் பொறுத்தவரை மாற்றுச் சிறுநீரகம் அதை மீட்டுத் தராது, கருவி தொடர வேண்டியதுதான்.

கடைசியாக அம்மாவிடம் கேளுங்கள், அவருக்கு அக்கா, தங்கை இருக்கிறார்களா என்று. பெரியம்மா, சித்தி பிள்ளைகளில் பையன்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தாய்மாமாவுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவருடைய மகன்களுக்கு இந்தப் பழுது போயிருக்காது. மகள்கள் ஒவ்வொருவரிடமும் கட்டாயம் இருக்கும், அவர்கள் தங்கள் குழந்தைகளைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள்.